இரண்டடி மேடை, இரண்டரை அடி நடை

மைசூர் அடுக்ககங்களின் சின்னச் சமையலறைகள் இடுப்பையும் தோளையும் வாட்டுகின்றன. இடம் குறைவு என்பது மட்டும் காரணமல்ல. இருக்கும் இடத்தில் எது எங்கே, எந்த உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் சிக்கலின் பெரும்பகுதி.

காலை 6 மணி. குக்கர் மூன்றாவது விசில் அடித்து ஓய்கிறது. வீட்டு அம்மாள் எதிர்மேடையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறார். கத்தியை வைத்துவிட்டுத் திரும்பி அடுப்பை அணைக்கிறார். நறுக்கியதைக் கழுவ மறுபடி திரும்பி, ஈரக் கையோடு சிங்க்குக்கு நடக்கிறார். சொட்டிய தண்ணீர் தரை டைல்ஸில் கோடு போடுகிறது. அதே நேரத்தில் பால் எடுக்க மருமகள் ஃப்ரிட்ஜைத் திறக்கிறார். கதவு வழியை அடைத்துக்கொள்கிறது. சுடச்சுடக் குக்கரைத் தூக்கிய அம்மாள் அது மூடும்வரை நின்றபடி காத்திருக்கிறார். நான்கு வயதுப் பேத்தி வாசற்படியில் ஓடி வருகிறாள். வாசலை ஒட்டினாற்போல் அடுப்பு. அதன் மேல் வாணலி. வாணலியின் கைப்பிடி மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

குவெம்புநகர், விஜயநகர், ஜே.பி. நகர் என்று மைசூரில் அடுக்ககங்கள் எழுந்திருக்கும் எந்தப் பகுதியிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். முற்றமும் தாழ்வாரமும் உள்ள ஓட்டு வீட்டிலிருந்து ஃபிளாட்டுக்குக் குடிவந்த குடும்பங்கள் பெரும்பாலும் சொல்லும் குறை ஒன்றுதான்: “சமையலறை போதவில்லை.” அளவுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனால் வேறு கதை தெரிகிறது.

விதிப்படி சரி, ஆனால்...

உதாரணத்துக்கு ஒரு சமையலறையை அளந்து பார்க்கலாம். நீளம் எட்டரை அடி, அகலம் ஆறரை அடி. மொத்தம் 55 சதுர அடி. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, சாப்பிடும் இடம் தனியாக உள்ள வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. அதாவது சுமார் 54 சதுர அடி, ஆறடிக்குச் சற்றுக் குறைவான அகலம். ஆக இந்தச் சமையலறை விதிக்குள் அடங்கிவிடுகிறது. கட்டியவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. விதி தரும் பாதுகாப்பு பரப்போடு முடிந்துவிடுகிறது. அந்தப் பரப்புக்குள் ஒருவர் எப்படி நிற்பார், எந்தப் பக்கம் திரும்புவார் என்பது அதன் கவலை இல்லை.

கிழக்குச் சுவர் நெடுக 2 அடி ஆழத்தில் கிரானைட் மேடை. எதிரே மேற்குச் சுவரிலும் 2 அடி ஆழத்தில் இன்னொரு மேடை, அதற்கு முன்னால் வாசலை ஒட்டி ஃப்ரிட்ஜ். தெற்கே ஹாலிலிருந்து வரும் வாசல். வடக்கே துணி துவைக்கும் யுடிலிட்டி பால்கனிக்குப் போகும் கதவு. எனவே சமையல் செய்பவர் நிற்கும் இடம்தான் வீட்டின் நடைபாதையும்.

கணக்குப் போட்டால் ஆறரை அடி அகலத்தில் இரண்டு மேடைகளுக்கும் 4 அடி போய்விட்டது. நடுவில் மிச்சம் 30 அங்குலம். பின்சுவரிலிருந்து தள்ளி வைத்த ஃப்ரிட்ஜ் 28 அங்குலம் முன்னே வருவதால் அங்கே மிச்சம் 26 அங்குலம்தான். ஃப்ரிட்ஜ் கதவின் அகலமோ ஏறக்குறைய 24. கதவு திறந்தால் ஆள் நிற்க இடமில்லை.

அமெரிக்காவில் சமையலறை வடிவமைப்பவர்கள் ஒருவர் சமைக்க 42 அங்குலம், இருவர் சமைக்க 48 அங்குலம் நடை விடச் சொல்கிறார்கள். மைசூர் ஃபிளாட்டில் அது ஆகிற காரியமில்லை. ஆனால் 36 அங்குலம் என்பது விட்டுக்கொடுக்கக் கூடாத எல்லை. கீழ்த் தட்டிலிருந்து அரிசி டப்பாவை எடுக்கக் குத்துக்காலிட்டு உட்கார அவ்வளவு இடம் வேண்டும். ஒருவர் அடுப்பில் நிற்கும்போது இன்னொருவர் உடம்பைத் திருப்பிக்கொண்டு பின்னால் போகவும் அதுவே தேவை.

நறுக்கும் இடம் எங்கே?

நடை குறுகலாக இருப்பது கண்ணுக்குத் தெரியும் குறை. தெரியாத குறை கிழக்கு மேடையில் இருக்கிறது.

அந்த மேடையின் நீளம் 102 அங்குலம். வாசலை ஒட்டி இரட்டை அடுப்பு, 26 அங்குலம். மறுகோடியில் சிங்க், 21 அங்குலம். அதைத் தாண்டிக் கழுவிய பாத்திரத்துக்கு 10 அங்குலம். அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே 45 அங்குலம் இருக்கிறது. சமையலறையிலேயே விலை மதிப்புள்ள இடம் இதுதான். அங்கே இருப்பதோ மிக்ஸி, மேசைமேல் வைக்கும் கிரைண்டர், தண்ணீர் வடிகட்டி, எண்ணெய்த் தூக்கு. எல்லாம் சேர்ந்து 33 அங்குலத்தை விழுங்கிவிட்டன. மிச்சமுள்ள ஓரடியில் ஒரு தட்டு வைக்கலாம், அவ்வளவுதான். அதனால் நறுக்கும் வேலை எதிர்மேடைக்குப் போய்விட்டது.

சமையல் என்பது பெரும்பாலும் மூன்று நிலைகளில் ஓடுகிற வேலை. கழுவுவது, நறுக்கிப் பக்குவப்படுத்துவது, அடுப்பில் ஏற்றுவது. இந்த வரிசையிலேயே இடமும் அமைந்தால் பொருள் கையிலிருந்து கைக்கு நகரும். நறுக்கும் இடம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டால் ஒவ்வொரு காய்க்கும் இரண்டு முறை உடம்பு திரும்ப வேண்டும். தரையே இதற்குச் சாட்சி. சமையல் முடிந்ததும் இரண்டு மேடைகளுக்கும் நடுவே தண்ணீர்ச் சொட்டுகள் கிடந்தால் நறுக்கும் இடம் தப்பான பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். சொட்டு வழுக்கலாகும்போது அது வெறும் அசௌகரியமாக நிற்பதில்லை.

இந்த வரிசையைக் கணக்காகப் பார்க்கும் பழக்கம் புதிதல்ல. 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டிடக் கலைஞர் வடிவமைத்த சமையலறையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம் உதாரணச் சமையலறையைவிட அகலத்தில் கொஞ்சம் குறைவு. ரயிலின் உணவுப் பெட்டியில் அத்தனை சிறிய இடத்தில் அத்தனை பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்பது அவருக்கு ஒரு முன்மாதிரி. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை அமைக்கப்பட்டது. 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணம் ஒன்றை வரைந்து, அதன் மூன்று பக்கங்களின் கூட்டு நீளம் 26 அடிக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். சின்ன ஃபிளாட்டில் அந்தக் கவலை இல்லை. நம் சமையலறையில் நடக்கும் தூரம் தொல்லையில்லை, திரும்பும் எண்ணிக்கைதான் தொல்லை. முக்கோணத்தில் இடம்பெறாத மிக்ஸியும் கிரைண்டரும் நறுக்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்வதே அதற்குக் காரணம்.

34 அங்குலம் யாருக்கு?

மூன்றாவது குறை தோளில் தெரியும். மேடையின் உயரம் 34 அங்குலம். பெரும்பாலான மேஸ்திரிகளும் தச்சர்களும் கேட்காமலே போடும் உயரம் இது. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 5 அடி. அந்த உயரமுள்ளவர் நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை தரையிலிருந்து சுமார் 37, 38 அங்குலத்தில் இருக்கும். நறுக்கும் பலகை முழங்கைக்கு 3 அல்லது 4 அங்குலம் கீழே இருப்பது வசதி. எனவே 34 அங்குலம் நறுக்குவதற்குச் சரியாகவே பொருந்துகிறது.

தப்பு அடுப்பில்தான். அதே 34 அங்குல மேடைமேல் அடுப்பை வைத்தால் பாத்திரம் உட்காரும் தாங்கி 38 அல்லது 39 அங்குலத்துக்குப் போய்விடும். அதன்மேல் 4 அங்குல வாணலி என்றால் விளிம்பு 43 அங்குலம். 8 அங்குலக் குக்கர் என்றால் வாய் 47. சாம்பாரைக் கிளற 5 அடி அம்மாள் முழங்கையைத் தோள்வரை உயர்த்த வேண்டும். அரைமணி நேரம் அப்படி நின்றால் கழுத்தும் தோளும் வலிக்காமல் என்ன செய்யும்? குக்கருக்குள் எட்டிப் பார்க்கும்போது ஆவி நேராக முகத்துக்கு வருகிறது.

ராகி முத்தெ செய்யும் மைசூர் வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. நம் ஊர்க் களியைப் போலவே அதையும் கட்டி தட்டாமல் துடுப்பால் அழுத்திக் கிண்ட வேண்டும். அழுத்தும் வேலைக்குத் தோளின் பாரம் மேலிருந்து இறங்க வேண்டும். உயரமான அடுப்பில் அது நடக்காது. பல வீடுகளில் பாத்திரத்தைத் தரையில் இறக்கிக் காலால் அணைத்துக்கொண்டு கிண்டுவது இதனால்தான். தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்கி, தாழ்ந்த அடுப்பில் சமைத்த தலைமுறைக்கு இடுப்பில் வேறு தொல்லைகள் இருந்தன. ஆனால் பாத்திரம் முழங்கைக்கு மேலே போனதில்லை.

மாற்றியமைத்தால்

இந்தச் சமையலறையைச் சீராக்க முதலில் தீர்மானிக்க வேண்டியது எதை நகர்த்தக் கூடாது என்பது. சிங்க்கை நகர்த்தினால் கழிவுநீர்க் குழாயின் சாய்வு கெடும், சுவரையும் தரையையும் உடைக்க வேண்டும், கீழ்வீட்டுக்காரரின் கூரையில் கசிவு வரலாம். எனவே சிங்க் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அடுப்பு ரப்பர் குழாயின் நீளத்துக்குள் எங்கும் போகும். நகர வேண்டியது அதுதான்.

அடுப்பை வாசல் முனையிலிருந்து 12 அங்குலம் உள்ளே தள்ள வேண்டும். அந்த ஓரடி, இறக்கிய பாத்திரம் வைக்கும் இடம். குழந்தை ஓடும் வாசலிலிருந்து வாணலிக் கைப்பிடியும் விலகிவிடும். அடுப்பின் மறுபக்கம் 3 அங்குலம் இடைவெளி. அதை அடுத்து 30 அங்குலம் நறுக்கும் இடம். பிறகு சிங்க், கடைசியில் பாத்திரத்துக்கான 10 அங்குலம். கூட்டிப் பார்த்தால் அதே 102. ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. தாராளமான சமையலறையில் நறுக்க 36 அங்குலம் விடுவார்கள். இங்கே 30 போதும், அதில் நிரந்தரமாக எந்தப் பொருளும் குடியேறாத வரை. கழுவிய பாத்திரத்துக்கு 10 அங்குலம் போதாது. சிங்க்குக்கு மேலே சுவரில் ஒரு ஸ்டீல் தட்டு ஸ்டாண்டை மாட்டினால் தண்ணீர் நேராகச் சிங்க்கிலேயே வடியும்.

வெளியேற்றப்பட்ட மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் இடம் எதிர்மேடை. அவற்றுக்கு 2 அடி ஆழம் தேவையில்லை, 15 அங்குலம் போதும். எதிர்மேடையை அந்த அளவுக்கு வெட்டினால் நடை 30 அங்குலத்திலிருந்து 39 அங்குலமாகும். பிளக் பாயிண்டுகள் அந்தச் சுவரில் இருக்க வேண்டும். இந்தப் பக்கச் சுவரிலிருந்து வயரை நடைக்குக் குறுக்கே இழுக்கக் கூடாது. 15 அங்குல ஆழத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. கீழ்த்தட்டில் டப்பாக்கள் ஒரே வரிசையில் நிற்கும். பின்வரிசையைத் தேட மண்டியிட வேண்டாம்.

ஃப்ரிட்ஜ் வாசலுக்கு வெளியே, சாப்பாட்டு அறைச் சுவருக்குப் போகட்டும். சமையலுக்கு வேண்டியதை ஒரு தட்டில் ஒரே தடவையில் எடுத்து வந்துவிடலாம். பால் எடுக்க வருபவர் சமையலறைக்குள் நுழையவே தேவையில்லை. உள்பக்கம் திறக்கும் யுடிலிட்டி கதவின் கீலை மாற்றிப் பால்கனிப் பக்கம் திறக்கச் செய்தால் நடையில் இன்னொரு தடையும் போய்விடும்.

நான்கு அங்குலம் இறக்கினால்

கடைசி மாற்றம் உயரத்தில். கிழக்கு மேடையில் வாசல் முனையிலிருந்து 41 அங்குல நீளத்தை மட்டும், அதாவது இறக்கி வைக்கும் இடம், அடுப்பு, இடைவெளி மூன்றையும், 34-லிருந்து 30 அங்குலத்துக்கு இறக்க வேண்டும். அப்போது அடுப்பின் தாங்கி ஏறக்குறைய 34 அங்குலத்தில், நறுக்கும் மேடைக்குச் சமமாக வந்து நிற்கும். வாணலி விளிம்பு 38, 39 அங்குலம். முழங்கை மட்டம்தான். களிப் பாத்திரத்தைப் பக்கத்தில் 30 அங்குல மேடையில் இறக்கி, ஈரத்துணிமேல் வைத்து நின்றபடியே கிண்டலாம்.

சிங்க் பக்கத்தை இறக்கக் கூடாது. 8 அங்குலம் ஆழமுள்ள சிங்க்கின் அடி, 34 அங்குல மேடையிலேயே தரையிலிருந்து 26 அங்குலத்தில்தான் இருக்கிறது. அதையும் தாழ்த்தினால் தோள்வலி போய் இடுப்புவலி வரும்.

இறக்கும்போது தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று சிலிண்டர். 14.2 கிலோ சிலிண்டரின் உயரம் 2 அடிக்குச் சற்று அதிகம். கல்லின் கனத்தைக் கழித்தால் 30 அங்குல மேடைக்கடியில் அது நுழையும், ஆனால் ரெகுலேட்டரைத் திருப்பக் கை போகாது. அவசரத்தில் மூட முடியாத சிலிண்டர் ஆபத்து. எனவே அதை நறுக்கும் இடத்துக்கடியில், 34 அங்குலப் பகுதியில் நிறுத்த வேண்டும். அப்போதும் அடுப்பு சிலிண்டரைவிட உயரத்திலேயே இருக்கும். அதுவும் பாதுகாப்பு விதிதான். குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். எனவே அந்த அலமாரிக்குக் கதவு போட்டால் கீழ்ப்பகுதியில் காற்றுத் துளை கட்டாயம்.

இரண்டாவது, டைல்ஸ். சுவர் டைல்ஸ் மேடை மட்டத்திலிருந்து தொடங்கியிருக்கும். மேடை 4 அங்குலம் இறங்கியதும் அங்கே வெறும் பூச்சு தெரியும். எண்ணெயும் ஆவியும் அதில்தான் இறங்கும். அந்தத் துண்டுக்கு வேண்டிய டைல்ஸை உடைப்பதற்கு முன்பே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

உடைப்பதற்கு முன்

சுத்தியல் எடுப்பதற்கு முன் ஒரு வாரம் ஒத்திகை பார்த்துவிடலாம். எதிர்மேடையில் 15 அங்குலத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அதைத் தாண்டி எதையும் வைக்காமலிருந்தால் எல்லாப் பொருளும் அடங்குமா என்பது தெரிந்துவிடும். 39 அங்குல நடை எப்படி இருக்கும் என்று பார்க்க, ஹாலில் சுவரிலிருந்து அந்தத் தூரத்தில் ஒரு மேசையைப் போட்டு, நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்து பார்க்கலாம். உயரத்துக்குக் கால் உயர்த்தித் தாழ்த்தும் இஸ்திரிப் பலகை ஒன்று போதும். அதை 30 அங்குலத்தில் நிறுத்தி, காலி வாணலியை ஒரு கனமான புத்தகத்தின் மேல் வைத்துக் கரண்டியால் கிளறிப் பார்க்கட்டும். பிறகு 34 அங்குலத்தில். எது சரி என்று தோள் சொல்லிவிடும். அளவு எடுக்க வேண்டியது தினமும் சமைப்பவருக்கு. மேஸ்திரியிடம் பேசுபவருக்கு அல்ல.

வாடகை வீட்டில் கல்லைத் தொட முடியாது. ஆனாலும் பாதிக் காரியம் செலவில்லாமல் ஆகும். அடுப்பை ஓரடி உள்ளே தள்ளலாம். மிக்ஸியையும் கிரைண்டரையும் எதிரே கொண்டுபோகலாம், ஃப்ரிட்ஜை வெளியே நகர்த்தலாம். உயரத்துக்கு, கால் குட்டையான அடுப்பும் அகலமான தாழ்ந்த பாத்திரங்களும் ஓரிரண்டு அங்குலம் மிச்சம் தரும். அடுப்புக்கு முன் மணையைப் போட்டு ஏறி நிற்பது மட்டும் வேண்டாம். சூடான பாத்திரத்தோடு இறங்கும்போது கால் தவறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை செய்தும் இந்தச் சமையலறை பெரிதாகிவிடாது. இருவர் ஒரே நேரத்தில் அடுப்படியில் நிற்க முடியாது. ஒருவர் அடுப்பில், இன்னொருவர் எதிர்மேடையில் மாவு அரைத்தபடி என்றால் முடியும். அஞ்சே முக்கால் அடி உயரமுள்ள மகன் ஞாயிற்றுக்கிழமை தோசை வார்க்க வந்தால் 30 அங்குல மேடையில் கொஞ்சம் குனியத்தான் வேண்டும். தினமும் 3 மணி நேரம் நிற்பவரின் தோளுக்காக வாரத்தில் அரைமணி குனிவது பெரிய நஷ்டமில்லை.

மாற்றிய பிறகு அதே காலை 6 மணி. பீன்ஸ் சிங்க்கிலிருந்து பலகைக்கும் பலகையிலிருந்து வாணலிக்கும் ஒரே பக்கமாக நகர்கிறது. குக்கரை அடுப்பிலிருந்து நறுக்கும் மேடைக்குத் தூக்காமலே நகர்த்துகிறார் அம்மாள். வெளியே மருமகள் ஃப்ரிட்ஜைத் திறந்து மூடுவது கேட்கிறது. பேத்தி வாசலில் வந்து நிற்கிறாள். அவள் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லை. தரை காய்ந்திருக்கிறது.